வாட்ஸ்அப் சாட்சியம்: தொனியையும் மொழிபெயர்க்க வேண்டும்

விவாகரத்து, ஜீவனாம்சம், கைமாற்றுக் கடன், மிரட்டல் புகார் என எந்த வழக்குக் கட்டைப் பிரித்தாலும் இன்று அதில் வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. தகராறைத் தீர்க்க உதவும் என்று கருதினால், சாட்சியச் சட்டத்தின் கறாரான விதிகளைப் பார்க்காமலேயே ஓர் ஆவணத்தை ஏற்றுக்கொள்ளக் குடும்ப நீதிமன்றங்களுக்கு 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. மற்ற நீதிமன்றங்களில், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். எந்தக் கருவியிலிருந்து எடுத்தது, அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பு என்ன என்பதெல்லாம் அந்தச் சான்றிதழில் இருக்கும்.

இந்தச் சான்றிதழின் கவலையெல்லாம் கோப்பு மாறவில்லையே என்பதுதான். அதில் உள்ள பேச்சுக்கு என்ன பொருள் என்பது அதன் வேலை அல்ல. தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் தமிழிலேயே வழக்கு நடத்தலாம் என்பதால், அங்கே நீதிபதி அந்த உரையாடலை நேரடியாகப் படித்துவிடுவார். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனால், அரசமைப்புச் சட்டத்தின் 348ஆவது கூறின்படி நடவடிக்கைகள் ஆங்கிலத்தில் நடக்கும். அங்கே பலரும் படிப்பது ஆங்கில மொழிபெயர்ப்பைத்தான். கணவனும் மனைவியும், மாமனும் மச்சானும் நள்ளிரவில் தட்டிய குறுஞ்செய்திகள் அந்தத் தாளில் எப்படி ஒலிக்கின்றனவோ, அப்படித்தான் அவர்கள் நீதிமன்றத்தின் காதில் விழுவார்கள்.

அந்தத் தாள்களில் நான் அடிக்கடி பார்ப்பது இரண்டு வகைக் குறைகள். சிலர் சொற்களை மட்டும் ஆங்கிலமாக்கிவிட்டு, இமோஜி வரும் இடத்தில் 'இமோஜி' என்று ஒரு சொல்லை அடைப்புக்குறிக்குள் போட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வேறு சிலர், அந்தப் பேச்சு தங்கள் மனதில் எழுப்பிய உணர்ச்சியை ஆங்கிலத்தில் எழுதிவிடுகிறார்கள். முதலாவது தொனியைத் தொலைக்கிறது. இரண்டாவது தொனியைத் திணிக்கிறது. தொனியும் ஆவணத்தின் ஒரு பகுதிதான். படத்தில் தெரியும் தடயங்களைக் கொண்டு அதை மொழிபெயர்க்க முடியும், மொழிபெயர்க்கவும் வேண்டும் என்பதே என் வாதம்.

ஏழு வரி உரையாடல்

உதாரணத்துக்காக நான் அமைத்த ஓர் உரையாடலைப் பார்ப்போம். கடன் கொடுத்தவர், வாங்கியவருடைய அக்காவின் கணவர். எல்லாமே ஆங்கில எழுத்தில் தட்டப்பட்ட தமிழ். படிக்க வசதியாகத் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

9:42 – கொடுத்தவர்: மச்சான் அந்த 2 லட்சம் எப்ப டா தருவ
9:43 – வாங்கியவர்: தரேன் மாமா 🙏
9:43 – வாங்கியவர்: மாச கடைசில
9:44 – கொடுத்தவர்: போன மாசமும் இதான் சொன்ன 🙂
9:51 – வாங்கியவர்: ம்
9:52 – கொடுத்தவர்: சரி உன்ன பாத்துக்கறேன்
10:05 – வாங்கியவர்: நீங்க பாத்துக்கோங்க சார் 👍

அகராதியை வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பவர் 'மாமா' என்பதை 'அங்கிள்' என்று எழுதுவார். அந்த ஒரு சொல்லிலேயே அக்காவின் கணவர் யாரோ ஒரு வயதானவராகிவிடுகிறார்; வழக்கின் உறவு முறையே மாறிவிடுகிறது. 'ம்' என்பதை 'ஹ்ம்' என்று போடுவார். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் யோசனையையோ சந்தேகத்தையோ காட்டும் ஒலி. தமிழில் 'ம்' கொட்டுவது ஆமோதிப்பு. 'போன மாதமும் இதையேதான் சொன்னாய்' என்ற குற்றச்சாட்டுக்கு வந்த 'ம்', அதை மறுக்காத பதில். கடன் வழக்கில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் விரல் வைக்கும் இடம் அதுதான். அதே மொழிபெயர்ப்பாளர் 'உன்ன பாத்துக்கறேன்' என்பதை 'ஐ வில் டேக் கேர் ஆஃப் யூ' என்று எழுதினால், எச்சரிக்கையாக இருந்திருக்கக்கூடிய ஒரு வரி ஆதரவுச் சொல்லாகிவிடும். கடைசி வரி 'நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற பொறுப்பு ஒப்படைப்பாகவும், கட்டை விரல் சம்மதமாகவும் மாறும். ஆங்கிலத்தில் படிப்பவருக்கு இது சுமுகமாக முடிந்த பேச்சு.

உணர்ச்சிவசப்பட்டு மொழிபெயர்ப்பவர் 'உன்ன பாத்துக்கறேன்' என்ற வரியை 'ஐ வில் ஃபினிஷ் யூ' என்று எழுதுவார். சொன்னவர் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆங்கில வரியை வைத்துக் குற்ற மிரட்டல் என்று வாதாட முடியும்.

சரியான வழி இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ தோராயமாக நிற்பது அல்ல. வரிகளுக்குள்ளேயே தடயம் இருக்கிறது. முதல் வரியில் 'மச்சான்', 'டா' என்று கூப்பிட்டவர், இரண்டே நிமிடத்தில் அந்த இரண்டையும் விட்டுவிட்டார். 'மாமா' என்று பணிந்தவர் 22 நிமிடம் கழித்து 'சார்' என்கிறார். சொந்த மாமனைச் 'சார்' என்று அழைப்பது தமிழில் மரியாதை ஆகாது, விலகல். இதைத் தெரிந்துகொள்ள உளவியல் தேவையில்லை; விளிச்சொல் மாறியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. எனவே விளிச்சொற்களை மொழிபெயர்க்காமல் 'மாமா', 'மச்சான்', 'டா' என்று அப்படியே ஆங்கில எழுத்தில் நிறுத்தி, முதல் முறை வரும்போது உறவையும் நெருக்கத்தையும் குறிப்பில் சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு, அவை எந்த இடத்தில் காணாமல் போகின்றன என்பதைத் தமிழ் தெரியாத நீதிபதியும் தானே பார்த்துவிடுவார். 'பாத்துக்கறேன்' என்பதை 'ஐ வில் டீல் வித் யூ' என்று எழுதி, 'கவனித்துக்கொள்கிறேன் என்ற ஆதரவுப் பொருளும் உண்டு. இந்த வரியில் முந்தைய விளிச்சொற்கள் இல்லை' என்று அடிக்குறிப்பு தரலாம். இரண்டு பொருளும் மேசைக்கு வந்துவிடும். எது சரி என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை.

கறுப்பு வெள்ளை நகலில் காணாமல் போவது

மொழிபெயர்ப்பாளர் கைக்கு வருவது பெரும்பாலும் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். அதில் ❤️, 💚, 🖤 மூன்றும் ஒரே சாம்பல் நிற இதயம். படித்துவிட்டார் என்று காட்டும் நீல டிக்கும், போய்ச் சேர்ந்தது என்று மட்டும் காட்டும் சாம்பல் டிக்கும் ஒன்றுபோலத் தெரியும். வண்ண நகலோ மூலக் கோப்போ வரும்வரை வேலையைத் தொடங்கக் கூடாது என்பது என் வழக்கம்.

படத்தில் உள்ள வேறு சிலவும் மொழிபெயர்ப்புக்கு உரியவை. வலது பக்கக் குமிழி அந்த ஃபோனுக்கு உரியவருடையது; இடது பக்கம் மற்றவருடையது. ஓரத்தை வெட்டிய படத்தில் இது குழம்பும். மேலே தெரியும் பெயர் மற்றவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அல்ல. ஃபோனுக்கு உரியவர் அவரை எப்படிச் சேமித்திருக்கிறார் என்பதே அது. 'அன்பு' என்று சேமித்தாலும் 'எடுக்காதே' என்று சேமித்தாலும் அது ஒரு தரப்பின் மனநிலை. நடுவில் தேதி காட்டும் சிறு பட்டையில் 'இன்று' என்று இருந்தால், அது படம் எடுத்த நாளைத்தான் குறிக்கும். அந்த நாள் எது என்பது படத்தில் இருக்காது. 'திருத்தப்பட்டது' என்ற குறி இருந்தால், நாம் படிப்பது முதலில் அனுப்பிய வாசகம் அல்ல. இந்த வசதியை வாட்ஸ்அப் 2023இல் கொண்டுவந்தது. அனுப்பிய 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். திருத்துவதற்கு முன்பு வந்த பதில், திருத்திய வரிக்குப் பதிலாகத் தோன்றும் ஆபத்து இதில் இருக்கிறது.

ஒரு செய்தியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு இமோஜியைத் தனிச் செய்தியாகப் பதிவது இன்னொரு பிழை. அது குறிப்பிட்ட ஒரு வரிக்கான எதிர்வினை. எந்த வரிக்கு என்பதில்தான் அதன் பொருள் இருக்கிறது. உரையாடலை எழுத்துக் கோப்பாக ஏற்றுமதி செய்தால் தேதியும் நேரமும் முழுதாகக் கிடைக்கும். ஆனால் இந்த எதிர்வினைகளும், எந்தச் செய்தியை மேற்கோள் காட்டிப் பதில் சொன்னார் என்ற இணைப்பும் அதில் வராது. ஸ்கிரீன்ஷாட்டில் அவை தெரியும். தேதி தெரியாமல் போகலாம். ஆகவே இரண்டும் சேர்ந்து வந்தால்தான் மொழிபெயர்ப்புக்கு முழுமை.

இமோஜிக்குப் பெயர் எழுதுவது எப்படி?

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2018இல் இமோஜி தொடர்பான ஒரு வழக்கைத் தீர்த்தது. தொலைத்தொடர்பு நிறுவன ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் பெண் அதிகாரி ஒருவர் போட்ட பதிவுக்குச் சக ஊழியர்கள் கண்ணீர் முக இமோஜிகளைப் போட்டதே புகார். ஒரு விஷயத்தைப் பற்றித் தன் உணர்வைத் தெரிவிக்கவே இமோஜி போடப்படுகிறது, அதை இன்னொருவர் மீதான செயலாகக் கொள்ள முடியாது என்று சொல்லி நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது.

இமோஜி ஓர் உணர்வைச் சொல்கிறது என்று நீதிமன்றமே ஏற்றுக்கொண்ட பிறகு, எந்த உணர்வு என்பது மொழிபெயர்ப்பில் தெளிவாக இருக்க வேண்டும். 'கண்ணீர் முகம்' என்று மட்டும் எழுதினால் 😂 முகத்துக்கும் பொருந்தும், 😭 முகத்துக்கும் பொருந்தும். முன்னது கண்ணில் நீர் வரச் சிரிப்பது. யூனிகோட் அட்டவணையில் அதன் எண் U+1F602. பின்னது வாய்விட்டு அழுவது, எண் U+1F62D. இளைஞர்கள் பலர் சிரிப்புக்கும் இரண்டாவதையே போடுகிறார்கள் என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. படத்தை அப்படியே ஒட்டி, பக்கத்தில் யூனிகோட் பெயரையும் எண்ணையும் எழுதுவதே பாதுகாப்பு. அதில் மொழிபெயர்ப்பாளரின் கருத்து எதுவும் கலக்காது. எதிர்த்தரப்பு சரிபார்க்கவும் முடியும்.

எண்ணை எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே எண்ணுக்கு ஒவ்வொரு நிறுவனமும் தன் படத்தை வரைகிறது. துப்பாக்கி இமோஜியை ஆப்பிள் 2016இல் தண்ணீர்த் துப்பாக்கியாக மாற்றியது. மற்ற பெரிய நிறுவனங்கள் 2018வாக்கில்தான் மாற்றின. இடைப்பட்ட காலத்தில், ஒருவர் தன் ஃபோனில் பச்சை நிற விளையாட்டுப் பொருளைத் தட்டினால், வாங்கியவரின் ஃபோனில் நிஜத் துப்பாக்கி வந்து நின்றது. ஸ்கிரீன்ஷாட் பெரும்பாலும் வாங்கியவரின் ஃபோனிலிருந்து எடுக்கப்படுவது. மிரட்டப்பட்டதாகச் சொல்பவர் என்ன பார்த்தார் என்பதற்கு அது சாட்சி. அனுப்பியவர் தன் திரையில் என்ன பார்த்தார் என்பதற்குச் சாட்சி அல்ல. எந்த மாடல் ஃபோன், எந்த ஆண்டு என்பது குறிப்பில் இருந்தால் இந்த வித்தியாசத்தைக் கிளப்ப வழக்கறிஞருக்கு வழி இருக்கும்.

மேலே பார்த்த உரையாடலின் 🙏 நம் ஊரில் வணக்கம், நன்றி, மன்னிப்பு, இரங்கல், கெஞ்சல் அத்தனைக்கும் வரும். 'தரேன் மாமா' என்பதோடு சேர்ந்து, கெடு கேட்கும் வரிக்கு முன்னால் வந்திருப்பதால், அது பொறுத்துக்கொள்ளச் சொல்லும் கெஞ்சல் என்று குறிப்பு எழுதலாம். 🙂 அப்படி அல்ல. அது ஒருவருக்கு வெறும் புன்னகை, இன்னொருவருக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு போடும் குறி. அந்த ஏழு வரிகளில் அதைத் தீர்மானிக்கத் தடயம் போதாது. அங்கே பெயரை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்வதே நேர்மை.

அவரவர் வழக்கமே அளவுகோல்

அப்படியானால் தடயத்தை எங்கே தேடுவது? அந்த இருவரின் பழைய பேச்சில். கோவைப் பக்கத்தில் குழந்தையைக்கூட 'வாங்க கண்ணு' என்பார்கள். அங்கே ஒரு மனைவி கணவனுக்கு 'சாப்டீங்களா' என்று எழுதியிருந்தால் அதில் விலகலைத் தேடக் கூடாது. நாள் முழுக்க 'நீ, வா, போ' என்று எழுதும் தம்பதிக்குள் திடீரென்று 'நீங்க எப்ப வருவீங்க' என்று ஒரு வரி வந்தால், அது கோபம். அதேபோல அண்ணனும் தங்கையும் 'கொன்னுடுவேன் டி 😂' என்று பத்து தடவை விளையாடியிருந்தால், பதினோராவது தடவை சிரிப்பு முகமும் 'டி'யும் இல்லாமல் வரும் 'கொன்னுடுவேன்' வேறு ஒலி உடையது. முன்பு எத்தனை தடவை எப்படி வந்தது என்பதைக் குறிப்பில் எழுதலாம். 'விளையாட்டாகச் சொன்னார்' என்று எழுதக் கூடாது.

கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் 2023இல் வந்த தீர்ப்பு இந்த இடத்தில் உதவும். தானியம் வாங்கும் நிறுவனம் ஆளி விதைக் கொள்முதல் ஒப்பந்தத்தைப் படம் பிடித்து, உறுதிப்படுத்தச் சொல்லி விவசாயிக்கு அனுப்பியது. அவர் 👍 மட்டும் போட்டார். விதை வந்து சேரவில்லை. ஒப்பந்தம் கிடைத்தது என்பதற்காகத்தான் விரலைப் போட்டேன் என்பது அவர் தரப்பு. நீதிமன்றம் அகராதியைப் பார்த்ததோடு நிற்கவில்லை. இருவருக்கும் இடையே முன்பு நடந்த ஒப்பந்தங்களையும் பார்த்தது. அவற்றை எல்லாம் அவர் 'சரி', 'நல்லா இருக்கு' என்பதுபோன்ற ஓரிரு சொற்களால் உறுதிப்படுத்தி, சரக்கையும் கொடுத்திருந்தார். அந்த வழக்கத்தில் வந்த கட்டை விரல் கையெழுத்துக்குச் சமம் என்று தீர்ப்பளித்து, 82,000 கனடிய டாலருக்கு மேல் கொடுக்க உத்தரவிட்டது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2024இல் அதை உறுதி செய்தது.

அந்தக் கண்ணோடு நம் உரையாடலின் கடைசி 👍 விரலைப் பாருங்கள். மாமாவின் பழைய செய்திகளுக்கு மச்சான் எப்போதும் இப்படித்தான் விரல் போடுவார் என்றால் அது 'பார்த்தேன்' என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. இதுவரை ஒரு தடவையும் போடாதவர், 'சார்' என்ற சொல்லோடு சேர்த்துப் போட்டிருந்தால், அது பேச்சை முறித்துக்கொள்ளும் குறி. ஏழு வரியை மட்டும் வெட்டிக் கொடுத்தால் இதை யாராலும் சொல்ல முடியாது. சர்ச்சைக்குரிய வரிக்கு முன்னும் பின்னும் சில வாரப் பேச்சையாவது மொழிபெயர்ப்பாளருக்குக் காட்ட வேண்டும். அத்தனையையும் தாக்கல் செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

நான்கு பத்தித் தாள்

இதையெல்லாம் செய்ய ஒரு படிவம் போதும். முதல் பத்தியில் நேரம், அனுப்பியவர், படத்தில் தெரியும் வரி எழுத்துப் பிழையோடு அப்படியே. இரண்டாவதில் அதன் தமிழ் எழுத்து வடிவம். மூன்றாவதில் ஆங்கிலம். நான்காவதில் குறிப்பு.

இரண்டாவது பத்தியைப் பலர் வீண் வேலை என்று நினைக்கிறார்கள். உண்மையில் தகராறு ஒளிந்திருக்கும் இடம் அதுதான். ஆங்கில எழுத்தில் தட்டும்போது குறிலும் நெடிலும் ஒன்றாகும். ல, ள, ழ வேறுபாடு போய்விடும். 'கொல்ல'வும் 'கொள்ள'வும் ஒரே எழுத்துக்கூட்டில் வரும். படிப்பவர் மனதுக்குள் ஒன்றைத் தேர்ந்துகொண்டுதான் ஆங்கிலத்துக்குப் போகிறார். அந்தத் தேர்வு தமிழ் எழுத்தில் தாளில் இருந்தால் எதிர்த்தரப்பு 'இப்படி வாசித்தது தவறு' என்று சுட்ட முடியும். இல்லாவிட்டால் தவறு ஆங்கில வரிக்குள் புதைந்துவிடும்.

நான்காவது பத்திக்கு ஒரே விதி: படத்தில் விரல் வைத்துக் காட்ட முடியாத எதையும் அதில் எழுதக் கூடாது. விளிச்சொல் மாறியது, இமோஜியின் பெயரும் எண்ணும், இடைவெளி ஏழு நிமிடம், இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு, இது வட்டார வழக்கு — இவை எழுதலாம். கோபமாக, கிண்டலாக, அன்பாக என்ற சொற்களை, தடயத்தோடு சேர்த்து மட்டுமே எழுதலாம். தடயம் இல்லையென்றால் மௌனம்.

இதில் மொழிபெயர்ப்பாளர் எல்லை மீறுகிறார், குறிப்பு எழுதுவது சாட்சி சொல்வதற்குச் சமம் என்ற ஆட்சேபம் வழக்கறிஞர்களிடம் உண்டு. நியாயமான அச்சம்தான். ஆனால் 'மாமா'வை 'அங்கிள்' என்று எழுதுவதும், 'ம்' கொட்டியதைச் சந்தேகமாக்குவதும் எல்லை மீறல்தான். அவை குறிப்பு இல்லாமல் நடப்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. வெளியே தெரியும் குறிப்பை மறுக்கலாம், குறுக்கு விசாரணை செய்யலாம். உச்ச நீதிமன்றத்தில்கூட, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மொழிபெயர்ப்போ நீதிமன்றம் ஏற்ற மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்போதான் வேண்டும் என்கிறார்கள். இரு தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டுமானால், எதை ஒப்புக்கொள்கிறோம் என்பது முதலில் தாளில் இருக்க வேண்டும்.

எனவே உயர் நீதிமன்றப் பதிவுத் துறை மூன்று காரியங்களைச் செய்யலாம். உரையாடல் ஆவணங்களுக்கு இந்த நான்கு பத்திப் படிவத்தைக் கட்டாயமாக்கலாம். வண்ண நகலும் ஏற்றுமதிக் கோப்பும் சேர்ந்து வராத ஸ்கிரீன்ஷாட்டை மொழிபெயர்ப்புக்கு அனுப்ப வேண்டாம் என்று சுற்றறிக்கை விடலாம். பக்கத்துக்கு இவ்வளவு என்ற கூலி முறையை இந்த வகை ஆவணங்களுக்கு மட்டும் மாற்றி, செய்தி எண்ணிக்கைக்கும் குறிப்புக்கும் சேர்த்துக் கணக்கிடலாம். பக்கக் கணக்கில் கூலி வாங்குபவர், ஒரு பக்கத்தில் நான்கு குமிழி மட்டும் உள்ள ஸ்கிரீன்ஷாட்டுக்காகச் சில வாரப் பேச்சைப் படிக்க மாட்டார். படிக்கச் சொல்வதும் நியாயமில்லை. படிவமும் கூலியும் மாறாதவரை, 'உன்ன பாத்துக்கறேன்' என்ற வரி மிரட்டலா ஆதரவா என்பதை நீதிபதி தீர்மானிக்க மாட்டார். அந்தத் தாளை அவசரமாகத் தட்டச்சு செய்தவர் முன்பே தீர்மானித்திருப்பார்.

- கட்டுரையாளர், நீதிமன்ற ஆவணங்களைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பவர்.